அந்த 47 ரூபாய் எதற்கு?

ஐயா, என் அப்பா பேருந்து நடத்துநர். அவருடைய போன மாதச் சம்பளச் சீட்டைச் சரிபார்த்தேன். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்துக் கூட்டி, அதில் 12 சதவீதம் பி.எஃப். போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்புறம் கடைசி வரியில் ‘இதர பிடித்தம் 47’. காரணம் இல்லை. வசூல் குறைந்திருக்குமோ என்று, அப்பா ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கும் பணம் கட்டிய ரசீதுகளை எடுத்துக் கூட்டினேன். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. முந்தைய இரண்டு சீட்டுகளிலும் அதே 47. வசூல் குறைவென்றால் மாதாமாதம் ஒரே தொகையாகவா வரும்?

“விடும்மா, டீச்செலவு” என்கிறார் அப்பா. எனக்கு மனசு வரவில்லை. இழப்புக்காகப் பிடிப்பதானால் முதலில் தொழிலாளியிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்கிறது 2019 ஊதியச் சட்டத்தொகுப்பு. அப்பாவை யாரும் கேட்கவில்லை. அந்த வரிக்குப் பக்கத்திலேயே காரணத்தையும் அச்சிடுங்கள்.

– நடத்துநரின் மகள், மதுரை