போனஸை விழுங்கும் சேதாரம்

ஆசிரியருக்கு,

வேலூர் நகைக்கடை ஒன்றின் மாதச் சேமிப்புத் திட்டத்தில் 11 மாதங்கள் 5,000 ரூபாய் வீதம் கட்டினேன். 5,000 ரூபாய் போனஸுடன் 60,000 ரூபாய் ஆனது. பணமாகவோ நாணயமாகவோ தர மறுத்து, நகையாகத்தான் எடுக்க வேண்டும் என்றவர்கள், நான் தேர்ந்தெடுத்த சங்கிலிக்கு 18 சதவீதம் சேதாரம் போட்டார்கள். அதே வேலைப்பாட்டுக்குப் பக்கத்துக் கடையில் 8 சதவீதம்தான். வரியை விட்டுக் கணக்கிட்டால், இங்கே 60,000 ரூபாய்க்குக் கிடைத்த தங்கம் ஏறத்தாழ 50,850 ரூபாய் மதிப்புடையது; அங்கே நான் கட்டிய 55,000 ரூபாய்க்கே 50,925 ரூபாய் மதிப்புள்ள தங்கம் கிடைத்திருக்கும். கடை மூடப்பட்டால், வங்கி வைப்புக்கு உள்ள காப்பீடும் இந்தப் பணத்துக்கு இல்லை. சேருமுன் சேதார விகிதத்தை அட்டையிலேயே எழுதித் தரும்படி வாசகர்கள் கேட்க வேண்டுகிறேன்.

ஒரு வாசகி, காட்பாடி