பிரசங்கி 6:14 இல்லை, ஆனால் அந்த வசனம் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சமூக ஊடகங்களில் சுற்றும் போலி வேத வசனங்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நண்பர்கள் தினத்தை ஒட்டிப் பரவிய ஒரு படத்தை அதில் எடுத்துக்காட்டி, பைபிளில் இப்படி ஒரு வசனமே கிடையாது, இது யாரோ இட்டுக்கட்டியது என்று முடித்திருந்தீர்கள். அந்த முடிவு சரியல்ல. அந்தப் படத்தில் தவறு இருக்கிறது, ஆனால் நீங்கள் சொன்ன இடத்தில் இல்லை.

இதை நான் கவனித்ததே என் தம்பி மகனால்தான். மார்த்தாண்டத்தில் கல்லூரியில் படிக்கிறான். அவனுடைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டவன் கொளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்ப் பையன். உங்கள் கட்டுரையை யாரோ படம் எடுத்து அதே குழுவில் போட்டுவிட்டார்கள். வேதத்தின் பேரில் பொய் சொல்கிறாயா என்று நாலைந்து பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். "அத்தை, நீங்க சண்டே ஸ்கூல் டீச்சர்தானே, இது இருக்கா இல்லையா, பார்த்துச் சொல்லுங்க" என்று தம்பி மகன் என்னிடம் கொண்டுவந்தான்.

படத்தில் இருந்தது இதுதான்: "உண்மையுள்ள நண்பன் பலமான கோட்டை. அவனைக் கண்டவன் புதையலைக் கண்டவன். நண்பன் இல்லாதவன் வாழ்ந்தும் இறந்தவன். – பிரசங்கி 6:14."

நான் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். என் கையில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு. பிரசங்கி ஆறாம் அதிகாரத்தைத் திறந்தேன். அதில் 12 வசனங்கள்தான், பதினாலாம் வசனம் என்று ஒன்றே இல்லை. நீங்களும் இதுவரை வந்திருக்கிறீர்கள், கட்டுரையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அடுத்து கன்கார்டன்ஸை, அதாவது சொல்லடைவை, எடுத்துப் பார்த்தேன். நண்பன் என்று தேடினால் ஒன்றும் பிடிபடாது. பழைய மொழிபெயர்ப்பில் நட்புக்கு வரும் சொல் சிநேகிதன். புதையல் என்று தேடியும் பயனில்லை, அங்கே அது பெரும்பாலும் பொக்கிஷம். செல்போனில் முழு வாக்கியத்தையும் ஒட்டித் தேடுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மொழிபெயர்ப்பு மாறினால் வாக்கியம் மாறிவிடும், எழுத்துக்கு எழுத்து ஒத்துவராது. அதனால் வாக்கியத்தை விட்டுவிட்டு, கருத்தைத் தாங்குகிற இரண்டு பெயர்ச்சொற்களை எடுத்து, ஒவ்வொரு மொழிபெயர்ப்பிலும் அதற்கு என்ன சொல் என்று தெரிந்துகொண்டு தேட வேண்டும். சிநேகிதன், பொக்கிஷம் என்று மாற்றித் தேடினேன். சிநேகிதன் எல்லாக் காலத்திலும் சிநேகிப்பான் என்ற நீதிமொழிகள் 17:17 வந்தது. அது நல்ல வசனம், ஆனால் படத்தில் இருப்பது அதுவல்ல.

இந்த இடத்தில் நானும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னதால் தப்பித்தேன். அவர்கள் கத்தோலிக்கர். படத்தைப் பார்த்ததுமே, "இது சீராக்குல வரும்லா" என்றார்கள். உள்ளே போய்த் திருவிவிலியத்தை எடுத்துவந்து சீராக்கின் ஞானம் ஆறாம் அதிகாரத்தைக் காட்டினார்கள். பதினாலாம் வசனம். நம்பிக்கைக்குரிய நண்பர் உறுதியான புகலிடம், அவரைக் கண்டடைந்தவர் புதையலைக் கண்டடைந்தவர் என்ற பொருளில் அப்படியே இருக்கிறது.

எங்களைப் போன்ற சபைகளின் பைபிளில் 66 நூல்கள். கத்தோலிக்கர்களின் பைபிளில் 73. கூடுதலாக இருக்கும் ஏழில் சீராக்கும் ஒன்று, தோபித்தும் ஒன்று. அவற்றை இணைத் திருமுறை நூல்கள் என்று சொல்கிறார்கள். நம் மாவட்டத்தில் ஒரே தெருவில் இந்த இரண்டு பைபிள்களும் இருக்கின்றன. திருமணத் திருப்பலிக்கு உரிய வாசகங்களில் நல்ல மனைவியைப் பற்றிய சீராக் 26ஆம் அதிகாரப் பகுதியும் இருப்பதால், கல்யாணத்துக்குப் போய்வந்த கத்தோலிக்கர்களுக்கு அந்த நூலின் பெயர் புதிதல்ல. அந்தக் கடற்கரை ஊர்ப் பையனின் வீட்டுப் பைபிளில் இருக்கும் வசனத்தைத்தான் பைபிளில் இல்லை என்று எழுதிவிட்டீர்கள். எந்தப் பைபிளில் என்று நீங்கள் சொல்லவில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

சரி, அப்படியானால் பிரசங்கி என்ற பெயர் எங்கிருந்து வந்தது? இதை யோசிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. சீராக்குக்குப் பழைய ஆங்கிலப் பைபிள்களில் பெயர் எக்ளீசியாஸ்டிகஸ். பிரசங்கிக்கு ஆங்கிலத்தில் எக்ளீசியாஸ்டீஸ். கடைசியில் ஓர் அசைதான் வேறு, சுருக்கி எழுதினால் அதுவும் போய்விடும். ஆங்கிலப் படத்தில் எக்ளீசியாஸ்டிகஸ் 6:14 என்று இருந்ததைப் பார்த்து, அந்த நூலை அறியாத ஒருவர் பிரசங்கி என்று தமிழாக்கியிருக்க வேண்டும். அதிகார எண்ணும் வசன எண்ணும் அச்சாகப் பொருந்துவதால் இது வெறும் ஊகமாகத் தோன்றவில்லை. இன்னொரு தடயமும் உண்டு. படத்தில் கோட்டை என்று இருக்கிறது. சீராக் என்ற பெயரைப் போடுகிற இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அந்த இடத்தில் புகலிடம் என்ற பொருளில்தான் சொல் வருகிறது. எக்ளீசியாஸ்டிகஸ் என்ற பெயரைப் போடுகிற பழைய மொழிபெயர்ப்புகளில்தான் பலமான அரண் என்று வருகிறது. பெயரும் சொல்லும் ஒரே பழைய ஆங்கில மூலத்தைக் காட்டுகின்றன.

ஆக, முதல் இரண்டு வரிகள் மெய். முகவரிதான் தவறு. புகலிடம் கோட்டையானதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன், அது மொழிபெயர்ப்பில் வருகிற நெகிழ்வு. சீராக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எருசலேமில் எபிரேயத்தில் எழுதப்பட்டது. ஆசிரியரின் பேரன் எகிப்துக்குப் போய் அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். எபிரேயத்தில் சொன்னது வேறு மொழிக்குப் போகும்போது அதே வலுவோடு நிற்பதில்லை, குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவரே முன்னுரையில் கேட்டிருக்கிறார். மூலத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் படத்தில் ஒரு சொல் இருக்கிறதா, மூலத்தில் இல்லாத பொருள் எதுவும் புகுந்திருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இந்த இரண்டு வரிகளும் அதில் தேறுகின்றன.

மூன்றாவது வரி தேறவில்லை. நண்பன் இல்லாதவன் வாழ்ந்தும் இறந்தவன் என்பது அந்த வசனத்தில் இல்லை. முன்னும் பின்னும் இருக்கலாமோ என்று ஐந்திலிருந்து பதினேழு வரை படித்தேன், அங்கும் இல்லை. சீராக்கில் 51 அதிகாரங்கள். நட்பைப் பற்றி 9, 19, 22, 27, 37 ஆகிய அதிகாரங்களிலும் பேசுகிறார். அக்காவிடம் புத்தகத்தை வாங்கிவந்து இரண்டு மாலை உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். இப்படி ஒரு வரி கிடையாது. பிற்பாடு யாரோ சேர்த்து, அதே மேற்கோள் குறிக்குள் அடைத்துவிட்டார்கள்.

தமிழாசிரியையாக இருந்தவள் என்பதால் எனக்கு முதலிலேயே அந்த வரியில் உறுத்தல் இருந்தது. எபிரேய ஞான நூல்களில் ஒரு வசனம் பெரும்பாலும் இரண்டு கிளையாக நிற்கும். முதல் பாதி சொன்னதை இரண்டாம் பாதி தாங்கும் அல்லது வளர்க்கும். கோட்டை, புதையல் என்று இரண்டு கிளையும் வந்ததும் வசனம் நிறைந்துவிட்டது. அதன்மேல் மூன்றாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது, ஏழு சீரில் முடிந்த குறளுக்கு எட்டாவது சீர் போட்டதைப் போல இருந்தது. உறுத்தலை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, மூன்று கிளை வசனங்களும் உண்டு. எங்கே தேட வேண்டும் என்பதை அது காட்டியது, அவ்வளவுதான்.

அந்த வரி அங்கே பொருந்தாததற்குக் காரணம் நூலிலேயே இருக்கிறது. பதினாலாம் வசனத்துக்கு முன்னால் சீராக் சொல்வதில் பெரும்பகுதி எச்சரிக்கை. நண்பரைத் தேர்வதானால் சோதித்துப் பார்த்துத் தேர்ந்துகொள், உடனே நம்பிவிடாதே என்கிறார் ஏழாம் வசனத்தில். பந்தியில் உடனிருப்பவர் துன்ப நாளில் நிற்கமாட்டார் என்கிறார். பகைவரை விட்டு விலகு, நண்பரிடமும் விழிப்பாயிரு என்கிறது பதின்மூன்று. அதற்கு அடுத்துத்தான் புதையல் வருகிறது. நம் வள்ளுவர் நட்பு என்ற அதிகாரத்தை எழுதிவிட்டு உடனே அடுத்த அதிகாரமாக நட்பாராய்தலை வைத்து, 'நாடாது நட்டலின் கேடில்லை' என்று தொடங்கியது எனக்கு நினைவுக்கு வந்தது. இப்படி எண்ணி எண்ணி நட்புக் கொள்ளச் சொல்கிறவர், நண்பன் இல்லாதவனைச் செத்தவன் என்று சொல்வாரா?

உங்கள் கட்டுரையில் சரியாகச் சொன்னதும் உண்டு. தனக்குத்தானே உதவுகிறவனுக்குக் கடவுள் உதவுவார் என்ற வாசகம் பைபிளில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். 66 நூலிலும் இல்லை, 73 நூலிலும் இல்லை. அங்கே தேடிக் கிடைக்கவில்லை என்பதோடு நிற்காமல், பெஞ்சமின் பிராங்க்ளின் 1736ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் அது இருப்பதையும் காட்டியிருந்தீர்கள். ஒரு வாசகம் வேறு எங்கே குடியிருக்கிறது என்று காட்டும்போது இல்லை என்ற சொல்லுக்கு உறுதி வருகிறது. நண்பர்கள் தினப் படத்துக்கு மட்டும் முகவரி பொய்யானதால் வசனமும் பொய் என்று முடித்துவிட்டீர்கள்.

அடுத்த இதழில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், ஒரு திருத்தம் போட வேண்டுகிறேன். அந்தப் படத்தின் முதல் இரண்டு வரிகள் கத்தோலிக்கத் திருவிவிலியத்தின் சீராக் 6:14இல் உள்ளவை, பிரசங்கி என்று குறித்தது தவறு, மூன்றாம் வரி பின்னால் சேர்க்கப்பட்டது என்று மூன்று வரி எழுதினால் போதும். தம்பி மகன் அதைப் படம் எடுத்து வகுப்புக் குழுவில் போடக் காத்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.