கொட்டேஷனில் எழுதிய ஸ்லாப் பில்லிலும் நிற்கட்டும்

ஸ்டேஷனரி மொத்த விற்பனை நிறுவனத்தின் மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். உங்களிடம் சரக்கெடுத்து விற்கும் சில்லறைக் கடைக்காரன் நான். உங்கள் ஸ்லாப் தள்ளுபடிப் பட்டியலை உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. பள்ளி திறக்கும் நேரத்தில் வந்த பில்லைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

நோட்டுக்கு 99 வரை தள்ளுபடி இல்லை, 100 முதல் 5 சதவீதம், 500 முதல் மொத்த எண்ணிக்கைக்கும் 12 சதவீதம் என்பது உங்கள் பட்டியல். 500 நோட்டுக்குக் கொட்டேஷன் கேட்டேன், 12 சதவீதம் என்று எழுதித் தந்தீர்கள், அப்படியே ஆர்டர் போட்டேன். வந்தது 460. மீதி 40 உங்கள் கிடங்கில் இல்லை என்றார்கள். அது யாருக்கும் நடப்பதுதான். ஆனால் 460-க்குப் பில் 5 சதவீதத்தில் வந்தது. பாக்கி 40 பிறகு வந்தபோது, அது தனி பில் என்பதால் தள்ளுபடியே இல்லை.

கணக்கு எளிதாக இருக்க நோட்டின் பட்டியல் விலையை 20 என்று வைத்துக்கொள்வோம். கொட்டேஷன்படி 500 நோட்டுக்கு 8,800. உங்கள் இரண்டு பில்லையும் கூட்டினால் 8,740-ம் 800-ம் சேர்ந்து 9,540. அதே நோட்டு, அதே 500. சரக்கு இல்லாமல் போனது உங்கள் பக்கம், கூடுதலாக 740 கட்டுவது என் பக்கம். கொட்டேஷனை நம்பி நான் பள்ளிக்கு விலை சொல்லிவிட்டேன். என்னைப் போன்றவர்களுக்கு நோட்டில் நிற்கும் லாபம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அதில் பெரும்பகுதி அந்த 740-லேயே போய்விட்டது. பள்ளியிடம் திரும்பிப் போய் விலையைக் கூட்டிக் கேட்க முடியாது.

அதனால் கேட்பது இதுதான்: ஸ்லாப்பை ஆர்டர் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யுங்கள், அனுப்பிய எண்ணிக்கையை வைத்து அல்ல. பாக்கிச் சரக்கு எத்தனை தவணையில் வந்தாலும் ஒவ்வொரு பில்லிலும் மூல ஆர்டர் எண்ணும் அதே தள்ளுபடியும் இருக்கட்டும்.

இதில் உங்களுக்குள்ள பயமும் புரிகிறது. 500 என்று எழுதி 200 எடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வாங்குபவரே ஆர்டரைக் குறைத்தால், எடுத்த எண்ணிக்கைக்கு உரிய ஸ்லாப்பில் திரும்பக் கணக்கிட்டு வித்தியாசத்தை வசூலியுங்கள், அது நியாயம். குறை யாரால் வந்தது என்பதைப் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஸ்லாப்பின் விளிம்பையும் ஒருமுறை பாருங்கள். மேலே சொன்ன விலையில் 463 நோட்டு 8,797 ஆகிறது, 464 நோட்டு 8,816. அதாவது 464 முதல் 499 வரை எதை வாங்கினாலும் 500 வாங்குவதைவிட அதிகம் கட்ட வேண்டும். விவரம் தெரிந்தவர் 500 எடுத்துவிடுகிறார், தெரியாத சின்னக் கடைக்காரர் 480-க்கு 9,120 கட்டிவிட்டுப் போகிறார். கொட்டேஷன் போடுபவரே "இன்னும் 20 சேர்த்தால் மொத்தத் தொகையே குறையும்" என்று ஒரு வரி சொல்லலாமே! அல்லது ஒவ்வொரு ஸ்லாப்பின் தள்ளுபடியும் அந்த எல்லைக்கு மேல் வாங்கும் நோட்டுகளுக்கு மட்டும் என்று மாற்றினால் இந்தப் பள்ளமே இருக்காது. ஆனால் அப்போது 500-க்குக் கிடைக்கும் மொத்தத் தள்ளுபடி சுருங்கிவிடும், ஆகவே சதவீதத்தையும் உயர்த்த வேண்டியிருக்கும்.

கொட்டேஷனின் அடியில் 'விலை மாறுதலுக்கு உட்பட்டது' என்று மட்டும் அச்சடிக்கிறீர்கள். எந்தத் தேதி வரை செல்லும் என்று இல்லை. காகித விலை ஏறும்போது பழைய விலையில் நிற்கச் சொல்லவில்லை. ஆனால் தேதி போட்டுத் தந்தால், அதற்குள் நான் ஆர்டரை உறுதி செய்துவிடுவேன். ஒரே அளவு, ஒரே பக்க எண்ணிக்கையில் ஒற்றைக்கோடு 250, நான்கு கோடு 250 எடுத்தால் அது 500-ஆ, இரண்டு 250-ஆ என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இப்போது கவுண்டரில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. கேட்டால் "பேசிக்கலாம்" என்கிறார்கள். பேசிப் பேசித்தான் கடைசியில் பில்லில் வேறு தொகை வந்து நிற்கிறது. எழுதித் தந்ததற்கே மதிப்பில்லை என்றால் நாங்கள் எதை வைத்து விலை சொல்வது?

சற்றுக் கடுமையாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் எண்ணிக்கைக்கே ஸ்லாப் என்ற விதியைக் கொட்டேஷன் படிவத்திலேயே அச்சிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த இரண்டு பில்களுக்கான வித்தியாசத்தை அடுத்த பில்லுக்கு முன் கிரெடிட் நோட்டாகத் தந்தால் கணக்கை முடித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்களிடம் சரக்கெடுக்கும் சில்லறை வியாபாரி