சுங்கை சிப்புட் கூட்டாளிக்கு

மச்சான்,

உன் பெயரில் வந்த செய்தியில்தான் நீ போனது தெரிந்தது. நாம் டோட்டா விளையாடுகிற ஸ்டீமில் KithaPaal ஆன்லைன் என்று காட்டியது. "எங்கடா போன இத்தனை நாளா?" என்று அடித்தேன். "நான் அவரோட தங்கச்சி. அண்ணன் தவறிட்டாரு" என்று பதில் வந்தது. கம்ப்யூட்டரில் உன் கணக்கு திறந்தபடியே இருந்திருக்கிறது. இல்லையென்றால் அவளால் எங்களைத் தேடியே இருக்க முடியாது. உன் கைப்பேசிக்குப் பூட்டு, ஸ்டீம் கேட்கும் எண்ணோ அந்தக் கைப்பேசிக்குள்.

பதினாறாம் நாளுக்குக் கிள்ளானிலிருந்து வந்தேன். ஈப்போ தாண்டியதும் கித்தா மரமும் செம்பனையும் மாறி மாறி வந்தன. உன் வீட்டை மழைச் சத்தமாகத்தான் எனக்குத் தெரியும். தகரக் கூரையில் அடிக்கிற சத்தம், உடனே உன் பிங் முந்நூறுக்கு ஏறி ஆட்டம் திக்கும், பின்னால் அம்மா "சாப்ட்டுட்டு வெளாடேன்டா" என்பார்கள். நேரில் பார்த்தால் கூரை நான் நினைத்ததைவிடத் தாழ்வு. அவ்வளவு சத்தம் வந்ததில் ஆச்சரியமில்லை.

திங்கள், புதன், வெள்ளி உனக்கு ஷிப்ட் என்று சொல்வாய். நாங்களும் ஏதோ ஃபேக்டரி வேலை என்றே இருந்துவிட்டோம். அது டயாலிசிஸ் நாள் என்று தங்கச்சி சொல்லித்தான் தெரியும். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், வாரத்துக்கு மூன்று தடவை. 2018 நவம்பரில் புக்கிட் ஜாலிலில் டோட்டா கோலாலம்பூர் மேஜர் போட்டி நடந்தபோது எல்லாருமாகப் போகலாம் என்றோம். "ஷிப்ட் மாத்த முடியாது மச்சான்" என்றாய். கோபித்துக்கொண்டோம். நீ சொல்லியிருக்கலாம்டா. ஆனால் சொல்லியிருந்தால், ஆட்டத்தில் நீ செத்து விழும்போதெல்லாம் அப்படித் திட்டியிருப்போமா? அதற்குத்தான் சொல்லாமல் விட்டாய் என்று படுகிறது.

அம்மா என்னிடம், "அவன் அதுல என்னப்பா செய்வான், நல்லா வெளாடுவானா?" என்று கேட்டார்கள். உன் ஆட்டப் புள்ளிகளைக் காட்டினால் ஒரு கொலை, பதின்மூன்று சாவு என்றுதான் இருக்கும். அதனால் ஓர் ஆட்டத்தைக் கதையாகச் சொன்னேன். ரோஷான் என்று ஒரு பூதம் இருக்கும்மா, அதை அடித்தால் ஓர் உயிர் கூடுதலாகக் கிடைக்கும். எதிராளிகள் இருபத்து நான்காவது நிமிடத்தில் அடித்துவிட்டார்கள். இவன் உடனே எங்களுக்கு எழுதினான்:

```
24 29 32 35
```

அந்த உயிர் ஐந்து நிமிடம்தான் தாங்கும், அதனால் 29. பூதம் செத்து எட்டிலிருந்து பதினொன்று நிமிடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும், அதனால் 32, 35. "29 வரைக்கும் எவனும் வெளிய கால வைக்காத" என்றான். நான் முறைத்துக்கொண்டு கோட்டைக்குள்ளேயே நின்றேன். முப்பத்தொன்றில் இவன் மட்டும் தனியாக இருட்டில் போய், பூதத்தின் குகை தெரிகிற மேட்டில் ஒரு வார்டு நட்டான். அது ஒரு கண் மாதிரி, ஆறு நிமிடம் பார்க்கும். 31-இல் நட்டால் 37 வரை. 32, 35 இரண்டும் அதற்குள் அடக்கம். திரும்பி வருகிற வழியில் இவனைக் கொன்றார்கள். ஆனால் வார்டை அவர்கள் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஐந்து பேரும் குகைக்குள் நுழைந்தது எங்கள் திரையில் தெரிந்தது. பின்னாலிருந்து வாசலை மறித்து அடித்தோம். கொன்றதெல்லாம் என் கணக்கில் விழுந்தது.

அம்மா, "அப்ப இவன் காவக்காரன் வேலதானே பாத்தான்" என்றார்கள். உன் தாத்தா தோட்டத்தில் ஜாகா பார்த்தவராமே. அதையும் நீ சொன்னதில்லை.

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒரு பையன். தசைச் சிதைவு நோயில், இருபத்தைந்து வயதில், 2014-இல் இறந்தான். மகன் தனியாகவே கிடந்து போனான் என்று நினைத்திருந்த பெற்றோருக்கு, அவனோடு விளையாடியவர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. சிலர் இறுதிச் சடங்குக்கே போனார்கள். உன் வீட்டில் அந்தக் கவலை இல்லை. வாசலில் பக்கத்து லயத்துச் சனம் நிறைந்திருந்தது. நாங்கள்தான் புதுசு. "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுக்கேட்டே எங்களைச் சொந்தமாக்கிவிட்டார்கள்.

கணக்கை என்ன செய்வது என்று தங்கச்சி கேட்டாள். ஸ்டீம் விதிப்படி உயிலில் எழுதினாலும் அடுத்தவருக்கு மாற்ற முடியாது. அப்படியே கிடக்கட்டும், யாரிடமும் விற்காதே என்றேன். நீ சேர்த்த தொப்பியும் கத்தியும் பெரிய விலைக்குப் போகாது என்பது வேறு விஷயம்.

அம்மாவுக்கு உன் குரல் வேண்டுமாம். ஆட்டத்தில் பேசியதெல்லாம் எங்கேயும் பதிவாகவில்லை. வாட்ஸ்அப் குழுவில் நீ அனுப்பிய குரல் செய்திகளைத் தேடித் தொகுத்துத் தங்கச்சிக்கு அனுப்பிவிட்டேன். சேவல் கூவுகிறது, நீ எனக்கு மினிமேப் பார்க்கப் பாடம் எடுக்கிறாய். நடுவில் என் அம்மாவைச் சேர்த்துத் திட்டுகிற இடத்தை மட்டும் வெட்டிவிட்டேன்.