6,200 வெள்ளி: இயக்குநர் வாரியத்துக்கு ஒரு பங்குதாரரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் வாரியத்தினருக்கு,

வணக்கம். துவாஸ் குளிர்பதனக் கிடங்குத் திட்டத்தைக் கைவிட்டதற்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தாங்கள் சொன்ன காரணம், பத்து இலட்சம் வெள்ளி போட்டு வெறும் 6,200 வெள்ளி இலாபத்துக்கு உழைக்க முடியாது என்பதே. அந்த 6,200, திட்டத்தின் நிகரத் தற்போதைய மதிப்பு; அதாவது, முதலும் நாம் எதிர்பார்க்கும் வருவாயும் கிடைத்த பிறகு மிஞ்சுவதன் இன்றைய மதிப்பு. அதை இலாபம் என்று சொன்னது பிழை. முடிவை மறுபரிசீலனை செய்யவும், கணக்குத் தாளைப் பங்குதாரர்களுக்கு வெளியிடவும் வேண்டுகிறேன்.

தாங்கள் அறிவித்த எண்களையே எடுத்துக்கொள்கிறேன். முதலீடு 10,00,000 வெள்ளி, ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டு இறுதி நிகர வரவு 2,52,000 வெள்ளி, மூலதனத்துக்கு நாம் எதிர்பார்க்கும் வருவாய் 8 விழுக்காடு. முதலாண்டு வரவில் 80,000 வெள்ளி முதலீட்டாளர்களின் வருவாயாகப் போக, மீதி 1,72,000 முதலைக் குறைக்கிறது. அடுத்த ஆண்டு எஞ்சிய 8,28,000 வெள்ளிக்கு மட்டும் 8 விழுக்காடு. இப்படியே சென்றால் ஐந்தாம் ஆண்டு முடிவில், முதல் முழுவதும் திரும்பி, ஆண்டுதோறும் 8 விழுக்காடும் கிடைத்த பிறகு, ஏறத்தாழ 9,000 வெள்ளி மிஞ்சுகிறது. அதன் இன்றைய மதிப்புதான் 6,200. அது பங்குதாரர்களின் செல்வத்தில் சேரும் கூடுதல். அது சுழியமாக இருந்திருந்தாலும் நமக்கு நட்டமில்லை. எதிர்பார்த்த 8 விழுக்காடு வந்திருக்கும், பங்கின் மதிப்பு கூடவோ குறையவோ செய்யாது, திட்டத்தை ஏற்பதும் விடுவதும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

கூட்டத்தில் என் பக்கத்து இருக்கையில் இருந்த ஓய்வுபெற்ற பெரியவர், "அப்படியானால் நம் பணத்துக்கு ஒன்றுமே வராதா?" என்று கேட்டார். ஓய்வுக்காலச் சேமிப்பை இந்நிறுவனத்தில் போட்டிருப்பவர் அவர். ஒலிவாங்கியில் அதையே அவர் கேட்டபோது, "கணக்கு அப்படித்தான் சொல்கிறது" என்ற ஒற்றை வரி பதிலோடு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. தவறான விளக்கத்தை நம்பி ஒருவர் பங்கை விற்றுவிட்டால் அந்த இழப்பை யார் ஈடுசெய்வது?

திட்டம் ஆபத்தற்றது என்று நான் வாதிடவில்லை. ஆண்டு வரவு 2,000 வெள்ளி குறைந்தாலே மதிப்பு சுழியத்துக்குக் கீழே போய்விடும்; எதிர்பார்க்கும் வருவாயை 9 விழுக்காடாக வைத்தால் சுழியத்துக்குச் சுமார் 20,000 வெள்ளி கீழே போய்விடும். வாடகை வரவை மிகையாக மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று தாங்கள் ஐயுற்றிருந்தால், நிராகரிக்க அது தக்க காரணம். ஆனால் அந்த ஐயத்தைத் தாங்கள் எழுப்பவேயில்லை. மதிப்பீடுகள் சரியென்று ஒப்புக்கொண்டு, மிச்சம் சிறியது என்பதற்காக மட்டுமே மறுத்தீர்கள். மதிப்பீடுகள் சரியென்றால், இதைவிடச் சிறந்த மாற்றுத் திட்டம் இல்லாத நிலையில், சிறிய நேர்மறை மதிப்பும் ஏற்கத்தக்கதே.

ஆகவே, வரவு மதிப்பீடுகளும் 8 விழுக்காட்டைத் தேர்ந்த காரணமும் அடங்கிய கணக்குத் தாளை வெளியிட்டு, அடுத்த வாரியக் கூட்டத்தில் இத்திட்டத்தை மீண்டும் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு பங்குதாரர்
சிங்கப்பூர்