நீலம் ஒளிரும் இரண்டு கற்கள்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு சான்றிதழ்களையும் படித்தேன். இரண்டும் ஒரு காரட் வைரங்கள். ஒன்றின் நிறத் தரம் ஈ, அதாவது நிறமற்ற உயர்ந்த தரம். மற்றதன் தரம் ஜே, அதற்குச் சில படிகள் கீழே. இரண்டிலும் ஃப்ளோரசன்ஸ், அதாவது புற ஊதாக் கதிரில் கல் ஒளிரும் தன்மை, ‘ஸ்ட்ராங் ப்ளூ’ என்றே இருக்கிறது. ஈ கல்லை அதன் தரத்துக்குரிய விலையிலிருந்து நன்றாகக் குறைத்துத் தருகிறார்கள் என்று மகிழ்ந்திருக்கிறாய். கற்களைத் தரம் பிரிக்கும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில், நான் ஜே கல்லையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

வைரத்துக்குள் ஓர் அணு இருக்க வேண்டிய இடம் காலியாகி, அதைச் சுற்றி மூன்று நைட்ரஜன் அணுக்கள் அமைந்திருந்தால், புற ஊதாக் கதிர் படும்போது அந்த இடம் நீல ஒளியை உமிழும். நீலம் மஞ்சளைச் சமன்செய்யும். ஜே கல்லில் மெல்லிய மஞ்சள் உண்டு என்பதால், பகல் வெளிச்சத்தில் அது தன் தரத்தைவிட வெண்மையாகத் தெரியக்கூடும். வைரங்களைத் தரம் பிரித்துச் சான்றிதழ் தரும் அமெரிக்க நிறுவனமான ஜி.ஐ.ஏ. 1997-இல் வெளியிட்ட ஆய்விலும், வலுவான நீல ஒளிர்வுள்ள கற்களை மேலிருந்து பார்த்தபோது நிறம் மேம்பட்டே தோன்றியது. அனுபவமில்லாத பார்வையாளர்களுக்கோ பெரும்பாலும் வேறுபாடே தெரியவில்லை.

ஈ கல்லில் நீக்குவதற்கு மஞ்சள் ஏறக்குறைய இல்லை. ஆகவே ஒளிர்வால் அதற்கு லாபம் இல்லை, சந்தேகம் மட்டுமே மிஞ்சுகிறது. தரம் பார்த்த விளக்கில் சிறிது புற ஊதா இருந்திருந்தால், அந்த ஈ என்ற எழுத்தே ஒளிர்வின் உதவியால் கிடைத்ததோ என்று வாங்குபவர் அஞ்சுகிறார். கல் பால் கலந்தாற்போல் மங்கிவிடும் என்பது இன்னொரு அச்சம். உண்மையில் அப்படி மங்கும் கற்கள் மிகச் சிலவே. அவற்றிலும் ஒளியைச் சிதறடிக்கும் நுண்ணிய உட்குறைகளே மூலகாரணம், வலுவான ஒளிர்வு அந்த மங்கலைக் கூட்டிக் காட்டுகிறது. ஆயினும் மிக உயர்ந்த நிறத்துக்குப் பணம் கொடுப்பவர் அந்தச் சிறு ஐயத்தையும் ஏற்பதில்லை என்பதால், தள்ளுபடி அங்கேதான் அதிகம்.

ஆகவே சான்றிதழை வைத்து முடிவு செய்யாதே. ஜே கல்லை, ஒளிர்வே இல்லாத மற்றொரு ஜே கல்லின் பக்கத்தில் வைத்து, முதலில் திறந்த வெளியின் பகல் வெளிச்சத்தில் பார். பட்டைகளின் விளிம்புகள் கூர்மையாகத் தெரிகின்றனவா, அல்லது எண்ணெய் பூசினாற்போல் கலங்கியிருக்கின்றனவா என்று கவனி. கலங்கியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடு. பிறகு வீட்டு எல்.இ.டி. விளக்கின் கீழ் பார். அந்த விளக்குகள் பெரும்பாலும் புற ஊதாவை உமிழ்வதில்லை. அங்கே தெரியும் மஞ்சள்தான் கல்லின் சொந்த நிறம், மாலை நேரங்களில் உன் விரலில் இருக்கப்போவதும் அதுவே. அந்த நிறம் உனக்குப் பிடித்திருந்தால் தயங்காமல் ஜே கல்லை எடுத்துக்கொள். ஈ கல்லையும் இதே இரண்டு வெளிச்சங்களில் பார்த்து, எல்.இ.டி.யின் கீழும் அது வெண்மை மாறாமல் நின்றால் எனக்கு எழுது. அப்போது அந்தத் தள்ளுபடியைப் பற்றி மறுபடி பேசலாம்.

அன்புடன்,
அப்பா