வீட்டை விற்ற பிறகு ஆத்தாவுக்கு

கால்கரி,
மார்கழி

அன்புள்ள ஆத்தாவுக்கு,

நாங்கள் நலம். போனில் எப்போது கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன், லிஃப்ட் இருக்கு, தண்ணி வருது" என்று முடித்துவிடுகிறீர்கள். ஆச்சி சொன்னது வேறு மாதிரி. ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறீர்களாம், மழை பெய்தால் தூங்குவதே இல்லையாம். போனில் பேசினால் இரண்டு பேரும் மருந்து, மாத்திரை, பேரன் படிப்பு என்று தப்பித்துக்கொள்வோம். அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளையார் நோன்பு இங்கே நல்லபடியாக முடிந்தது. கால்கரியில் நம் நகரத்தார் சில குடும்பங்கள்தான், எல்லாரும் ஒரே வீட்டில் கூடினோம். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாளும் நூல் எடுத்து வைத்து, கடைசி நாள் மாவு பிடித்து, இழை ஏற்றினோம். வீட்டுக்காரர் முன்னெச்சரிக்கையாகக் கூரையில் இருக்கும் புகை மணியைக் கழற்றி வைத்திருந்தார். போன வருஷம் நெய்ப்புகைக்கு அது அலறி, பிள்ளைகள் இழையை எடுத்துக்கொள்ளாமல் ஓடிவிட்டார்கள். வெளியே குளிர் மைனஸ் இருபத்தைந்து. பெரியவர் ஒருவர் இழை எடுத்துக் கொடுத்தார். அப்போது எனக்கு நம் வீட்டு நடுமுற்றம், அந்த வளவு ஞாபகம் வந்துவிட்டது. வயது வரிசைப்படி எல்லாரும் நிற்க, பெரிய ஐயா இழை கொடுத்தது அங்கேதானே. அந்த வளவு இப்போது இல்லை என்பது அன்றைக்குத்தான் முழுதாக உறைத்தது.

பத்திரம் பதிந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை, ஆத்தா. ஏனென்றால் நம் வீடு ஒரே நாளில் விற்கவில்லை. ஒவ்வொரு கையெழுத்தாக விற்றது. 1920களில் பர்மா பணத்தில் ஐயாவின் அப்பா கட்டியபோது நாலு மகன்களுக்கு நாலு பங்கு. இப்போது அது முப்பதுக்கும் மேல் போய்விட்டது. மலேசியாவில் இறந்துபோன பெரியப்பச்சிக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்கவே எவ்வளவு அலைச்சல்! 2005இல் சட்டம் மாறி மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான உரிமை வந்துவிட்டதால், வாங்குகிறவரின் வக்கீல் அயித்தைகள் எல்லாருடைய கையெழுத்தையும் கேட்டார். கல்யாணமாகி அறுபது வருஷத்துக்கு முன்னால் போன பெரிய அயித்தையை நாற்காலியோடு தூக்கி வந்து ரிஜிஸ்டர் ஆபீஸில் உட்கார வைத்தார்களாம். கையெழுத்துப் போட்டுவிட்டு, "எனக்குப் பங்கு இருந்துச்சுன்னு விக்கிறப்பதான் தெரியுது" என்று சொன்னார்களாம். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

என் பங்குக்கு நான் செய்தது, சித்தப்பாவுக்குப் பவர் எழுதி வான்கூவரில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்கு அனுப்பியதுதான். இங்கே எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சிக்கல். அந்த மூன்று மாதமும் நான் கூரியர் எங்கே போகிறது, முத்திரை விழுந்ததா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டைப் பற்றி நினைக்க நேரமே இருக்கவில்லை. வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக வந்தது என்று சித்தப்பா சொன்னபோது சந்தோஷப்பட்டேன், பாருங்கள்.

விற்றிருக்க வேண்டியதில்லை என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய வீட்டில் நீங்களும் சின்னாத்தாவும் ஒரு மூலையில் இருந்தீர்கள். குரங்கு ஓட்டை நகர்த்தும், நகர்ந்த இடத்தில் தண்ணீர் இறங்கும், சரத்தில் ஈரம் பிடிக்கும், ஈரத்துக்குக் கரையான் வரும். ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நாட்டு ஓட்டை அடுக்கடுக்காகப் போடத் தெரிந்தவர் இல்லை. பட்டாலைச் சுவரில் பூச்சு பெயர்ந்த இடத்தில் சித்தப்பா சிமெண்ட் வைத்து அடைத்தாரே, அடுத்த மழைக்கே அதைச் சுற்றி இருந்த பழைய பூச்சு வயிறு மாதிரி உப்பியது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் பக்கத்துப் பூச்சைத் தள்ளிவிடும். நீங்கள் விரல் மடக்கித் தட்டி, "இங்கே பொள்ளல், இங்கே கெட்டி" என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினீர்கள். கோட்டுக்குள் இருந்தது மட்டும்தான் விழுந்தது. முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த அந்தப் பூச்சு மற்ற இடத்தில் கண்ணாடி மாதிரி அப்படியே நின்றது.

வருத்தம் விற்றதில் இல்லை, யாருக்கு விற்றோம் என்பதில்தான். நம் ஊரில் மனை விலை குறைச்சல், மரத்தின் விலை அதிகம். வீடாக நின்றால் வாங்க ஆள் இல்லை, பிரித்தால் ஆள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பங்காளி ஹோட்டல்காரர் வருவார் என்று ஒரு வருஷம் காத்திருக்கச் சொன்னார். மற்றவர்கள் காத்திருக்கத் தயாராக இல்லை. பாதிப் பேர் வீட்டைப் பார்த்தே இருபது வருஷம் ஆகியிருக்கும். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, நானும் வெளிநாட்டில் உட்கார்ந்துதானே கையெழுத்துப் போட்டேன்.

வீட்டைப் பிரித்ததைத் தம்பி வீடியோ எடுத்து அனுப்பினான். நீங்கள் பார்க்கவில்லை என்று ஆச்சி சொன்னார்கள், பார்க்காததே நல்லது. ஆனாலும் எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், கற்பனை பண்ணிப் படுத்துக்கொள்வதைவிட இது பரவாயில்லை. முதலில் கதவுகளை நிலையோடு எடுத்தார்கள். அப்புறம் ஜன்னல்கள், கண்ணாடி. பிறகு ஓட்டை இறக்கி, சரங்களையும் உத்தரங்களையும் கழற்றினார்கள். பாரம் இறங்கிய பிறகுதான் தூணில் கை வைத்தார்கள். பர்மாத் தேக்குத் தூண்கள் கல் பீடத்தின் மேல் உட்கார்ந்திருந்தன, இத்தனை வருஷத்தில் அடியில் கொஞ்சம்கூட உளுக்கவில்லை. வேலையாட்கள் பக்குவமாகத்தான் செய்தார்கள், ஒரு தூண்கூடக் கீழே விழவில்லை. ஆத்தங்குடிக் கல் மட்டும் நிறைய உடைந்துவிட்டது. காரையில் பதித்ததை முழுதாகப் பெயர்ப்பது கஷ்டம். முகப்புக் கதவு இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு கடை வாசலில் சாய்த்து வைத்திருக்கிறதாம். தம்பி விலை கேட்டிருக்கிறான். நம் எல்லாருடைய பங்கையும் சேர்த்தாலும் இரண்டு கதவுதான் வாங்கலாம் என்று சிரித்தான்.

இங்கே வீடு விற்பது வேறு மாதிரி. எங்கள் எதிர்வீட்டுப் பெரியவரும் அவர் மனைவியும் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்த வீட்டை இந்தக் கோடையில் விற்றார்கள். வாசலில் பலகை நட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை முன்பின் தெரியாதவர்கள் ஷூவைக் கழற்றிவிட்டு அறை அறையாகப் பார்த்தார்கள், பத்து நாளில் முடிந்தது. இங்குள்ள வீடெல்லாம் மரச்சட்டம்தான், ஆத்தா. சட்டத்துக்கு நடுவே பஞ்சு, மேலே ஜிப்சம் பலகை. நீங்கள் தட்டிப் பார்த்தால் வீடு முழுக்கப் பொள்ளல் என்றுதான் சொல்வீர்கள். ஆனால் அந்தக் குளிருக்கு அது கெட்டிச் சுவரைவிடத் தாங்கும். இவர்களுக்கு வீட்டின் மேல் ஒட்டுதல் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் முதல் பனி விழுந்தபோது அந்தப் பெரியவர் திரும்ப வந்தார். புதிதாகக் குடிவந்த பையனைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போய், வெளிக்குழாய்க்கு உள்ளிருந்து தண்ணீரை அடைக்கும் வால்வைக் காட்டினார். அதை அடைத்து, மிச்சத் தண்ணீரை வடித்துவிடாவிட்டால் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து விரிந்து குழாய் வெடித்துவிடும். அந்த வீட்டில் வால்வு பழைய அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது, தெரியாதவர் கண்ணில் படாது. நானும் கூட நின்றேன். எல்லாம் காட்டி முடித்த பிறகும் அவர் கிளம்பவில்லை. எந்த ஜன்னலில் காற்று வரும், சினூக் என்கிற வெப்பக்காற்று அடிக்கும் நாளில் பனி உருகி எந்தப் பக்கம் தண்ணீர் தேங்கும் என்று சொல்லிக்கொண்டே நின்றார். பையன் பொறுமையாகக் கேட்டான். வெளியே வந்ததும் பெரியவர் என்னிடம், இனிமேல் இதையெல்லாம் நான் எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டார்.

அப்போதுதான் நீங்கள் ஏன் மழைக்கு எழுந்து உட்கார்கிறீர்கள் என்பது எனக்குப் புரிந்தது. நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் வளவில் விழும்போது வடமேற்கு மூலை மடை முதலில் அடைத்துக்கொள்ளும், வேப்பிலைச் சருகை எடுத்துவிட வேண்டும். முதல் மழையை விட்டுவிட்டு, இரண்டாவது மழைக்குத்தான் அண்டாவை வைக்க வேண்டும். மூன்றாம் கட்டில் அடுப்படிப் பக்கம் எந்த உத்தரத்துக்கு நேரே வாளி வைப்பது என்பது உங்களுக்கு இருட்டிலும் தெரியும். ஐம்பது வருஷமாக மழைச் சத்தம் கேட்டதும் எழுந்த உடம்பு, ஃப்ளாட்டிலும் எழுகிறது. எழுந்து செய்ய ஒன்றும் இல்லை. தூக்க மாத்திரை கேட்டீர்களாம். டாக்டர் கொடுத்தால் சாப்பிடுங்கள், ஆனால் இது நோய் என்று நினைத்துப் பயப்படாதீர்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். தம்பியை ஒரு நாள் உட்கார வைத்து, வீட்டின் படத்தை ஒரு பெரிய தாளில் போடச் சொல்லுங்கள். முகப்பிலிருந்து மூன்றாம் கட்டு வரை, எந்த அறை யார் பங்கு, அப்பச்சி பங்கு அறையில் பெட்டகம் எங்கே, மடை எங்கே, எந்த அறையில் யார் பிறந்தார்கள் என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவன் எழுதட்டும். பத்திரத்தில் நாலு எல்லையும் அளவும்தான் இருக்கிறது, இதெல்லாம் இல்லை. எனக்கு ஒரு பிரதி வேண்டும்.

பணத்தைப் பற்றி: உங்கள் பங்கை உங்கள் பெயரிலேயே போட்டு வையுங்கள். எனக்கு அனுப்பும் பேச்சு வேண்டாம். மே மாதம் பனி போன பிறகு நீங்களும் சின்னாத்தாவும் வருவதற்கு விசா போடுகிறேன், பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

முன்னோருக்குப் படைக்கும் படைப்புப் பெட்டி இப்போதைக்குச் சித்தப்பா வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த படைப்பை எங்கே வைப்பது என்று தைக்குப் பிறகு பங்காளிகள் கூடிப் பேசுவார்களாமே. வாடகை மண்டபம் என்றாலும் எனக்குச் சம்மதம், நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் சம்மதம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். செலவில் என் குடும்பப் புள்ளிக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள், அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகன்